வர்றவங்க எல்லாருக்கும் பொருந்துற மாதிரி ஒரே நிறத்துல விரிப்பும் குஷனும்: எங்க தப்பு பண்ணேன்?

செம்பனை செல்வி, 7 செப்டம்பர் 2024, இரவு 9.40

சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து வீடு. விருந்தாளி அறை 10க்கு 11 அடி, குவீன் கட்டில். சுவர் இளம்பச்சை, நிர்வாகத்து வீடு என்பதால் மாத்த முடியாது. தரை சிவப்பு சிமெண்ட். ஜன்னலுக்கு வெளியே செம்பனை மட்டும்தான். தீபாவளிக்கு மாமியார் வீட்டு ஆளுங்க, அப்புறம் வேலையிடத்துச் சீனர், மலாய்க்காரத் தோழிங்க எல்லாரும் வருவாங்க. யார் வந்தாலும் உறுத்தாம இருக்கட்டும்னு எல்லாத்தையும் ஒரே நிறத்துல எடுத்தேன். விரிப்பு சந்தன நிறம், நாலு குஷன் அதைவிடக் கொஞ்சம் வெளுப்பு, தலையணை உறை கொஞ்சம் கருப்பு. கடையில பார்க்கும்போது அக்கா தங்கச்சி மாதிரி இருந்துச்சு. வீட்டுல போட்டா குஷன் ரோஸ் அடிக்குது, விரிப்பு கோழிக் குழம்பு சிந்தின மாதிரி மஞ்சளா இருக்கு. கடை லைட்டுதான் ஏமாத்திருச்சா?

கம்பார்காரன், 7 செப்டம்பர் 2024, இரவு 10.05

லைட்டேதான். கடையில மஞ்சள் விளக்கு போட்டிருப்பான், உங்க வீட்டுல வெள்ளை டியூப். பல்பை மாத்துங்க, சரியாயிரும். சந்தன நிறம் எந்தச் சுவருக்கும் சேரும், அதுல சந்தேகமே வேண்டாம்.

தைப்பிங் மழை, 8 செப்டம்பர் 2024, காலை 7.12

இளம்பச்சைச் சுவருக்கு மேலே வெள்ளை அடிக்கணும்னா முதல்ல சீலர் ஒரு கோட் போடணும். இல்லன்னா பச்சை மேலே தெரியும். ரெண்டு கோட் போதும்.

செம்பனை செல்வி, 8 செப்டம்பர் 2024, காலை 7.30

அண்ணே, சுவரைத் தொடவே முடியாதுன்னுதான் சொன்னேன் 😄

தைப்பிங் மழை, 8 செப்டம்பர் 2024, காலை 7.41

ஓ. இளம்பச்சைச் சுவர்ங்கிறதோட படிக்கிறதை நிறுத்திட்டேன்.

ஊசிநூல், 8 செப்டம்பர் 2024, பிற்பகல் 2.20

கம்பார்காரரே, பாதி சரி. விளக்கு ஒரு காரணமா இருக்கலாம், ஆனா பல்பு வாங்கக் காசு போடுறதுக்கு முன்னாடி குற்றவாளி யாருன்னு பார்த்துடலாம். செல்வி, மூணு சோதனை செய்யணும், பத்து நிமிஷ வேலை.

முதல்ல, பகல் பத்து மணி வாக்கில் விளக்கை அணைச்சிட்டு ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத்துல குஷனையும் விரிப்போட ஒரு முனையையும் பக்கம் பக்கமா வைங்க. ரோஸ் தெரியுதா? தெரிஞ்சா சாயத்துலேயே ரோஸ் இருக்கு. அதை எந்த பல்பும் எடுக்காது.

ரெண்டாவது, ராத்திரி அதே காகிதத்துல டியூபைப் போட்டுப் பாருங்க. பகல்ல ஒத்துப்போன ரெண்டு துணி ராத்திரியில பிரிஞ்சு தெரிஞ்சா, ரெண்டுக்கும் வேற வேற சாயக் கலவை, ஒரு வெளிச்சத்துல மட்டும் ஒண்ணா நடிக்குது. அப்போதான் கம்பார்காரர் சொன்னது முழுக்க உண்மை.

மூணாவதைத்தான் யாரும் செய்ய மாட்டாங்க. குஷனைக் கட்டில் மேலேயே வெச்சு, பின்னால சுவர் தெரியாதபடி பெரிய வெள்ளைத் துணியோ அட்டையோ பிடிங்க. ரோஸ் குறைஞ்சா காரணம் சுவர். பச்சையைப் பார்த்துக்கிட்டே இருக்கிற கண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற எந்த மங்கல் நிறமும் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாயும். கடைச் சுவர் வெள்ளையா இருந்திருக்கும், அதான் அங்கே தெரியல. உங்க தரை வேற சிவப்பு, அதனால பச்சையும் இன்னும் பச்சையாத்தான் தெரியும்.

ரெண்டாங்கட்டை, 8 செப்டம்பர் 2024, மாலை 6.02

மாமியார் வந்து படுத்ததும் தூங்கிருவாங்க. குஷன் எந்தப் பக்கம் சாயுதுன்னு எந்த மாமியார் பார்த்தாங்க?

செம்பனை செல்வி, 8 செப்டம்பர் 2024, மாலை 6.15

எங்க மாமியார் பார்ப்பாங்க.

செம்பனை செல்வி, 10 செப்டம்பர் 2024, இரவு 8.55

மூணும் செஞ்சேன் அக்கா. பகல்ல வெள்ளைக் காகிதத்துல குஷன் லேசா ரோஸ்தான், விரிப்பு லேசா மஞ்சள். ராத்திரியிலயும் அப்படியே. சுவரை மறைச்சா ரோஸ் பாதியாக் குறையுது. அப்போ சாயத்துல கொஞ்சம், சுவர்ல மீதி, சரியா? பல்பு மேல பழி போட்டுட்டேன்.

ஊசிநூல், 10 செப்டம்பர் 2024, இரவு 9.30

சரி. இப்போ இன்னொண்ணு. ஃபோன்ல ஒரு படம் எடுத்து கருப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. விரிப்பு, குஷன், உறை மூணும் சாம்பல்ல எவ்வளவு தள்ளி நிக்குது?

செம்பனை செல்வி, 10 செப்டம்பர் 2024, இரவு 9.44

விரிப்புக்கும் குஷனுக்கும் வித்தியாசமே தெரியல! உறை மட்டும் ஒரு பொடி கருப்பு.

ஊசிநூல், 10 செப்டம்பர் 2024, இரவு 10.20

அதுதான் உங்க அறையோட உண்மையான கோளாறு. ஒரே நிறத்துல அடுக்குறப்ப நிறம் நெருங்கி இருக்கணும், வெளுப்பு கருப்பு மட்டும் நல்லா விலகி இருக்கணும். உங்ககிட்ட தலைகீழா இருக்கு: நிறம் விலகுது (ஒண்ணு ரோஸ், ஒண்ணு மஞ்சள்), கருமை ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்படி இருந்தா பார்க்கிறவங்களுக்கு "ஒரே நிறம்தான் வாங்கப் போனாங்க, ஆனா பொருந்தல" னு படும், இல்லன்னா ஒண்ணு துவைச்சு வெளிறிப்போன மாதிரி தெரியும்.

நம்ம ஆளுங்களுக்குப் புரியுற அளவு சொல்றேன்: பால், தே தாரிக், கோப்பி ஓ. மூணும் ஒரே வழியில வர்ற நிறம், தூரத்துல இருந்து பார்த்தாலும் மூணுன்னு தெரியும். தே தாரிக்கையும் பால் கூடின தே தாரிக்கையும் பக்கத்துல வெச்சா கடைக்காரர் ரெண்டாவதைத் தண்ணியாக் கலக்கிட்டாருன்னுதான் நினைப்போம்.

கருப்பு வெள்ளைப் படத்துல பக்கத்துப் பக்கத்து ரெண்டு துணிக்கு நடுவுல கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் எல்லை தெரியணும். தெரியலைன்னா அது கருமையில ஒரு படி இல்ல, பிழை.

கம்பார்காரன், 10 செப்டம்பர் 2024, இரவு 10.48

ஒரே பிராண்ட் செட்டா வாங்கியிருந்தா இந்த வம்பே இல்ல.

ஊசிநூல், 11 செப்டம்பர் 2024, காலை 6.50

செட் வாங்கினா நிறம் நெருங்கும், உண்மை. ஆனா செட்ல பெரும்பாலும் விரிப்பும் உறையும் ஒரே துணி, ஒரே கருமை, படியே இருக்காது. குஷனைத் தனியா எடுக்கறப்ப மறுபடி இதே கேள்விதான். இன்னொண்ணு, ஒரே பெயர்ல வந்தாலும் வேற தடவை சாயம் போட்ட ரோல் வேற மாதிரி வரும். பிறகு வந்து ஒரு மீட்டர் வாங்கிக்கலாம்னு மட்டும் விடாதீங்க. வேணும்கிறதை ஒரே ரோல்ல, ஒரே நாள்ல வெட்டிக்குங்க.

ஹோம்ஸ்டே பாலன், 11 செப்டம்பர் 2024, மதியம் 12.31

நான் வாடகைக்கு விடுறேன், மூணு அறை. எல்லாம் முழு வெள்ளை. ஹோட்டல் மாதிரி இருக்கும், அழுக்கு தெரிஞ்சா வெந்நீர்ல வேக வெச்சிடலாம். எதுக்கு இத்தனை கணக்கு?

ரெண்டாங்கட்டை, 11 செப்டம்பர் 2024, மதியம் 1.10

தம்பி, எங்க அம்மாவை முழு வெள்ளை விரிப்புல படுக்கச் சொல்லிப் பாரு. "யாருக்கு?" ன்னு கேப்பாங்க. சீனர் வீட்டுலயும் துக்கத்துக்கு வெள்ளைதானே. ஹோட்டல்ல சும்மா விட்டுருவாங்க, வீட்டுல விட மாட்டாங்க.

ஹோம்ஸ்டே பாலன், 11 செப்டம்பர் 2024, மதியம் 1.22

சரி சரி. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், கலரும் கலரா நிக்காது. முகப்பரு களிம்பு போடுற பசங்க படுத்தா கலர் உறையில ஆரஞ்சுத் திட்டு விழும், எவ்வளவு துவைச்சாலும் போகாது, சாயமே வெளுத்துப் போயிருக்கும். நான் வெள்ளைக்கு மாறினதே அதனாலதான்.

ஊசிநூல், 11 செப்டம்பர் 2024, மாலை 4.00

பாலன் சொன்னது ரொம்பப் பயனுள்ள விஷயம், களிம்புல பென்சாயில் பெராக்சைடு இருக்கும், அது வெளுக்கிற மருந்து. அதுக்கு வழி தலை படுற உறையை மட்டும் தனியா வெச்சுக்கிறது, ரெண்டு ஜோடி கூடுதலா தைச்சு வெச்சுக்கிறது. அறை முழுக்க வெள்ளையாக்க வேண்டியதில்ல.

இப்போ எந்தக் கருமையை எங்கே வைக்கிறது. விருந்தாளி அறையில உறை மேல விழறது தலைக்கு வெச்ச எண்ணெய், மஞ்சள், குங்குமம், பவுடர், விபூதி. வெளுத்த துணியில எண்ணெய்யும் மஞ்சளும் காட்டிக் கொடுக்கும். ரொம்பக் கருத்த துணியில பவுடரும் விபூதியும் பளிச்சுன்னு தெரியும். நடுக் கருமை ரெண்டையும் மறைக்கும். அதனால தலை படுற உறையும் விரிப்பும் நடு. அலங்காரக் குஷன் ராத்திரியில நாற்காலிக்குப் போயிடும், அதுல ரெண்டு வெளுப்பு, ரெண்டு கருப்பு வெச்சுக்கலாம்.

மஞ்சள் கறைக்குச் சோப்பு போட்டா முதல்ல சிவந்து போகும், பயப்படாதீங்க, காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான். அலசிட்டு நல்ல வெயில்ல காயப்போட்டா பெரும்பாலும் மங்கிரும்.

செம்பனை செல்வி, 12 செப்டம்பர் 2024, இரவு 9.10

விரிப்பு நடு, குஷன் வெளுப்பும் கருப்பும். புரிஞ்சது. ஆனா நிறம் எது? சந்தனம் இந்தச் சுவருக்குச் சரிப்படாதுன்னு ஆயிருச்சே.

ஊசிநூல், 12 செப்டம்பர் 2024, இரவு 9.50

சரிப்படாதுன்னு இல்ல, ரோஸ் கலந்த சந்தனம் சரிப்படாது. பச்சைச் சுவர் ரோஸைக் கிள்ளி எடுத்து வெளியே நிறுத்தும். ரெண்டு வழி இருக்கு. மஞ்சள் பக்கம் சாயுற வைக்கோல் நிறத்துலேயே மூணு படி எடுக்கலாம். இல்லன்னா சுவரோடேயே போயிடலாம்: காய்ஞ்ச வேப்பிலை, சாம்பல் கலந்த பச்சை. சுவரே வெளுத்த படியாயிடும், விரிப்பு நடு, குஷன் கருத்த படி. நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவேன், ஏன்னா ஜன்னல்ல இருந்து வர்ற வெளிச்சமே செம்பனை ஓலையில பட்டு வர்றது, அதோட சண்டை போட வேண்டியதில்ல. சாம்பல் கூடக் கூட ஆம்பளை அறை, பொம்பளை அறைன்னு பேர் விழாது, குழந்தைகள் அறை மாதிரியும் இருக்காது.

பறவை, மிருகம், சாமி உருவம் போட்ட துணியை விருந்தாளி அறைக்கு எடுக்காதீங்க. மலாய்த் தோழிங்க அந்த அறையில தொழுதா உருவப் படங்கள் எதிர்ல இருக்கறதை விரும்ப மாட்டாங்க. சாமி படம் மேல கால் படுறது நம்ம ஆளுங்களுக்கே பிடிக்காது. வேலைப்பாடு வேணும்னா நெசவுலேயே வரட்டும்.

கம்பார்காரன், 12 செப்டம்பர் 2024, இரவு 10.15

பச்சைச் சுவர், பச்சை விரிப்பு, பச்சை செம்பனை. தோட்டத்துக்குள்ளயே படுக்கலாமே 😂

ஊசிநூல், 12 செப்டம்பர் 2024, இரவு 10.31

சிரிங்க. ஆனா நீங்க சொல்றதுல ஒரு விஷயம் இருக்கு. எல்லாமே ஒரே வழவழப்பா இருந்தா அப்படித்தான் தோணும். அதுக்குத்தான் துணியோட தன்மையை மாத்தணும். ஒரே சாயம் வெல்வெட்டுல கருப்பாத் தெரியும், பளபளப்பான சட்டீன்ல வெளுப்பாத் தெரியும். வெல்வெட்டைத் தடவிப் பாருங்க, ஒரு திசையில கருப்பு, மறு திசையில வெளுப்பு. அதனால நாலு குஷனையும் வெட்டறப்ப வெல்வெட்டு மயிர் ஒரே பக்கம் சாஞ்சிருக்கணும். ஒண்ணைத் திருப்பி வெட்டிட்டீங்கன்னா அது வேற துணி மாதிரியே நிக்கும். வெல்வெட்டு குஷனோட நிக்கட்டும், நம்ம வெக்கைக்கு விரிப்பா ஆகாது.

செம்பனை செல்வி, 15 செப்டம்பர் 2024, பிற்பகல் 3.05

ஈப்போவுல காய்ஞ்ச வேப்பிலை நிறத்துல பருத்தி கிடைச்சிருக்கு, 60 அங்குல அகலம். எத்தனை மீட்டர் வேணும்? மெத்தை மேல்மட்டம் தரையில இருந்து 55 சென்டிமீட்டர்.

ஊசிநூல், 15 செப்டம்பர் 2024, மாலை 5.40

குவீன் மெத்தை 152க்கு 190. தரையைக் கூட்டித் துடைக்க 10 சென்டிமீட்டர் விடுங்க, அப்போ பக்கத்துக்கு 45 தொங்கும். அகலம் 152 + 45 + 45 = 242. நீளம் 190 + கால் பக்கம் 45 + தலையணைக்கு மேலே போர்த்த 40 = 275, மடிப்புக்கு 6 சேர்த்து 281.

பருத்தி முதல் துவைப்புல நீளத்துல நூத்துக்கு அஞ்சு வரைக்கும் சுருங்கும். மூணு மீட்டர் எடுத்தா துவைச்ச பிறகு 285 நிக்கும். அதனால மூணு மூணா ரெண்டு துண்டு, மொத்தம் 6 மீட்டர். வெட்டறதுக்கு முன்னாடி துவைச்சுக் காய வையுங்க, இதைத் தவிர்த்தா விரிப்பு கால் பக்கம் 14 சென்டிமீட்டர் மேலே ஏறிரும்.

நடுவுல தையல் வரக்கூடாது, விளக்கு வெளிச்சத்துல ஒரு கோடு மாதிரி தெரியும். ஒரு துண்டை அப்படியே நடுவுல வெச்சு, மத்ததை நெடுக்காக் கிழிச்சு ரெண்டு பக்கமும் சேருங்க. அகலம் சுருங்கி 147ன்னு வெச்சா, பக்கத்துக்கு 53.5 வெட்டணும். மீதி 40 அகலத்துல ஒரு நீள்துண்டு மிஞ்சும். அதுல 37க்கு 37 குஷன் உறை, ஜிப் இல்லாம பின்னால ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி, ரெண்டு தாராளமா வரும். 16 அங்குல உள்குஷனைத் திணிச்சா உப்பலா நிக்கும். விரிப்போட அதே ரோல், அதே கருமை, நடுப்படிக்கு அதுவே போதும்.

ஹோம்ஸ்டே பாலன், 15 செப்டம்பர் 2024, மாலை 6.20

ஆறு மீட்டர்னா கட்டத் துணியைப் பிரட்டி வெச்சு வெட்டலாமா அக்கா?

ஊசிநூல், 15 செப்டம்பர் 2024, மாலை 6.33

வெறும் பருத்தின்னா பிரட்டலாம். ஒரு பக்கம் பளபளப்பா, ஒரு பக்கம் மங்கலா இருந்தா பிரட்டக்கூடாது. நெசவுல திசை இருந்தாலும் கூடாது. கட்டம்னா பக்கத் துண்டுல கோடு சேரணும், அதுக்கு ஒரு கட்டத்தளவு துணி கூடுதலா வாங்கணும்.

செம்பனை செல்வி, 29 செப்டம்பர் 2024, இரவு 8.40

விரிப்பு முடிஞ்சது. கருத்த குஷன் ரெண்டு வெல்வெட்டு, மயிர்ச் சாய்வு பார்த்துத்தான் வெட்டினேன். ரோஸ் குஷன் நாலையும் தூக்கிப் போட மனசு வரல. தேயிலையில ஊற வெச்சா ரோஸ் அடங்கும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. அஞ்சு லிட்டர் தண்ணியில 50 கிராம் தேயிலைத்தூள் கொதிக்க வெச்சு வடிகட்டி அரை மணி நேரம். ரெண்டு உறை மட்டும் முதல்ல. ஒண்ணு நல்லா வந்துச்சு, ஒண்ணு கொஞ்சமும் பிடிக்கல. ஏன்?

ஊசிநூல், 29 செப்டம்பர் 2024, இரவு 9.25

பிடிக்காதது பாலியெஸ்டர் கலந்ததா இருக்கும், தேயிலை பருத்தியைத்தான் பிடிக்கும். உள்பக்க மடிப்புல ஒரு நூல் உருவி எரிச்சுப் பாருங்க: பருத்தி காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியா உருண்டு நிக்கும். குழாய்த்தண்ணியா, கிணத்துத் தண்ணியா? இரும்பு கலந்த தண்ணியில தேயிலைச் சாயம் சாம்பல் பக்கம் ஓடிரும். உங்க பச்சைக்கு அது நல்லதுதான், ஆனா நாலும் ஒரே வாளியில ஒரே நேரத்துல போகலைன்னா நாலு நிறம் வரும். துவைக்கத் துவைக்க மங்கும், அதையும் தெரிஞ்சுக்குங்க.

ரெண்டாங்கட்டை, 30 செப்டம்பர் 2024, காலை 8.00

தேயிலைல ஊற வெச்ச குஷன்ல மாமியார் சாஞ்சா காலைல கோப்பி கேக்க மாட்டாங்க.

செம்பனை செல்வி, 6 அக்டோபர் 2024, மாலை 5.15

இப்போ வேற ஒரு சந்தேகம். தேயிலை போட்ட குஷனை ரெண்டு தடவைதான் துவைச்சேன், மறுபடி வெளுத்து நீலம் அடிக்கிற மாதிரி இருக்கு.

ஊசிநூல், 6 அக்டோபர் 2024, இரவு 7.45

தேயிலை கரைஞ்சது ஒரு பங்கு. இன்னொண்ணு சோப்புத்தூள். "வெள்ளைக்கு வெண்மை" னு சொல்ற தூள்ல ஒளிரும் மருந்து இருக்கும். அது துணியில ஒட்டி, வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாத் திருப்பும். அதனால ஜன்னல் பக்கம் நீலமா, ராத்திரி எல்இடி விளக்குல சாதாரணமாத் தெரியும். வெளுத்த படித் துணிகளைத்தான் முதல்ல பிடிக்கும், உங்க மூணு படியும் சேர்ந்து நிக்கறது அங்கேதான் உடையும். கலர் துணிக்குன்னு விக்கிற திரவச் சோப்பு எடுத்து, பின்னால அந்த மருந்து சேர்க்கப்பட்டதான்னு படிச்சுப் பாருங்க. ஏற்கனவே ஏறினது எளிதா இறங்காது.

கம்பார்காரன், 6 அக்டோபர் 2024, இரவு 8.10

அப்போ என் வீட்டுச் சந்தன விரிப்பு மூணு வருஷத்துல வெளிறினது வெயில்னு நினைச்சேன், சோப்பா?

ஊசிநூல், 6 அக்டோபர் 2024, இரவு 8.22

ஜன்னல் பக்கம் மட்டும் வெளிறியிருந்தா வெயில். முழுக்கச் சமமா நீலம் அடிச்சா சோப்பு. கட்டிலுக்கு அடியில தொங்கின பகுதியையும் மேல்பகுதியையும் ஒப்பிட்டுப் பாருங்க.

செம்பனை செல்வி, 20 அக்டோபர் 2024, காலை 9.30

கருப்பு வெள்ளைப் படம் எடுத்தேன், சுவர், விரிப்பு, வெல்வெட்டு மூணும் தெளிவா மூணு படி. தேயிலைக் குஷன் நாலுல ரெண்டு மட்டும் வெச்சிருக்கேன், மத்தது ஹாலுக்குப் போயிருச்சு. சிவப்புத் தரை இன்னும் கண்ணைக் குத்துது, பாய் போடலாமா கம்பளமா?

தைப்பிங் மழை, 20 அக்டோபர் 2024, காலை 9.58

பாய். ரெண்டு கோட்.

ஊசிநூல், 20 அக்டோபர் 2024, மதியம் 12.10

கோரைப்பாய் போடலாம், வைக்கோல் நிறம் சிவப்பை மறைச்சு பச்சைக்கும் ஒத்துக்கும். கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர் தெரியுற மாதிரி. ஆனா ஈரத் தரையில விரிச்சா அடியில பூஞ்சை பிடிக்கும், வாரத்துக்கு ஒரு தடவை தூக்கி நிறுத்தணும். கம்பளம் உங்க ஊர் ஈரத்துக்கு வேண்டாம்னு நான் சொல்வேன், பாலன் ஒத்துக்க மாட்டார்.

ஹோம்ஸ்டே பாலன், 20 அக்டோபர் 2024, மதியம் 12.40

ஒத்துக்கவே மாட்டேன்.